ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை: 'படுத்துக்கிடக்கும்' ட்ரேடை எந்த நாளில் முடிப்பது?

வாங்கிய பங்கு டார்கெட்டைத் தொட்டால் லாபம். ஸ்டாப்லாஸைத் தொட்டால் நஷ்டம். இந்த இரண்டு கதவுகளைப் பற்றி யூடியூப் வீடியோக்கள் முதல் புரோக்கர் செயலிகள் வரை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் மூன்று வாரம் ஆகியும் பங்கு இரண்டையும் தொடாமல், வாங்கிய விலையைச் சுற்றியே வட்டமடித்தால் என்ன செய்வது?

பெரும்பாலானோர் எதுவும் செய்வதில்லை. "நஷ்டம் இல்லையே, கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு என்று வாங்கியது இரண்டு மாதம் ஆகிறது. யாராவது கேட்டால், "அது லாங் டெர்முக்கு வச்சிருக்கேன்" என்று பதில் வருகிறது. ட்ரேடாகத் தொடங்கியது, யாரும் முடிவு எடுக்காமலேயே முதலீடாக மாறிவிடுகிறது.

இதற்கான விடைதான் டைம் ஸ்டாப். குறிப்பிட்ட நாளுக்குள் பங்கு எதிர்பார்த்தபடி நகரவில்லை என்றால், விலை எங்கே இருந்தாலும் வெளியேறிவிடுவது. ஸ்டாப்லாஸ் விலைக்கு வைக்கும் எல்லை என்றால், இது காலத்துக்கு வைக்கும் எல்லை. ஸ்விங் ட்ரேடிங் செய்பவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத விதியும் இதுதான். அசையாமல் கிடக்கும் ட்ரேடில் 'நஷ்டம் இல்லை' என்ற நினைப்பே தவறு என்பதால், இதைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

டெலிவரி ட்ரேடில் மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?

இன்ட்ராடே ட்ரேடில் டைம் ஸ்டாப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சந்தை மாலை 3.30-க்கு மூடுவதற்கு முன்பு, புரோக்கரே பொசிஷனை முடித்துவிடுகிறார். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டுக்கும் காலாவதி நாள் உண்டு. டெலிவரியில் வாங்கிய பங்குக்கு மட்டும் அப்படி எந்தக் கெடுவும் கிடையாது. டிமேட் கணக்கில் அது ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். அதனால்தான் சில நாட்களோ வாரங்களோ வைத்திருக்கும் நோக்கத்தில் வாங்கும் ஸ்விங் ட்ரேடுகள் இங்கே தேங்கிப்போகின்றன. கெடுவை ட்ரேடரேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு இரண்டு எல்லை, காலத்துக்கு ஓர் எல்லை என்ற கணக்கு வல்லுநர்களுக்குப் புதிதல்ல. மார்கோஸ் லோபஸ் டி பிராடோ 2018-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரு ட்ரேடின் முடிவை அளக்க மூன்று தடுப்புகள் கொண்ட முறையை விளக்குகிறார். மேலே லாபக் கோடு, கீழே நஷ்டக் கோடு, பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு காலக் கோடு. மூன்றில் எதை முதலில் தொடுகிறதோ, அங்கே ட்ரேட் முடிகிறது. சில்லறை ட்ரேடர்கள் முதல் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதை விட்டுவிட்டார்கள்.

ஓர் உதாரணம்: 500 ரூபாய் பங்கு

எண்களோடு பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். இது கற்பனைப் பங்கு. கணக்கு மட்டும் நிஜம்.

ஒரு ட்ரேடரிடம் ₹5 லட்சம் இருக்கிறது. ஒரு ட்ரேடில் அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது ₹5,000 மட்டுமே இழக்கலாம் என்பது அவரது விதி. ஆறு வாரமாக 470-க்கும் 495-க்கும் நடுவில் கிடந்த ஒரு பங்கு, ஒரு திங்கட்கிழமை நல்ல வால்யூமோடு 495-ஐ உடைத்து மேலே வருகிறது. 500-ல் வாங்குகிறார். ஸ்டாப்லாஸ் 480, டார்கெட் 540. ஒரு பங்குக்கு ₹20 ரிஸ்க் என்பதால் 250 பங்குகள். முதலீடு ₹1.25 லட்சம், அதாவது அவரிடம் இருக்கும் மொத்தப் பணத்தில் கால் பங்கு.

இந்தப் பங்கு ஒரு நாளில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே சராசரியாக ₹10 ஆடுகிறது. சார்ட்டில் ஏடிஆர் என்று காட்டும் எண் கிட்டத்தட்ட இதுதான். வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்திய அளவீடு இது.

இங்கே பலர் ஒரு கணக்குப் போடுகிறார்கள். "ஒரு நாளைக்கு 10 ரூபாய் ஆடுது. டார்கெட் 40 ரூபாய் தூரம். நாலு நாள்ல வந்துடும்." இது தவறு. அந்த ₹10 என்பது ஏறியதும் இறங்கியதும் சேர்ந்த ஆட்டம். காலையில் ₹7 ஏறி மதியம் ₹6 இறங்கினால், அன்றைய நிகர நகர்வு வெறும் ₹1. ஒரு நாள் முடிவு விலைக்கும் அடுத்த நாள் முடிவு விலைக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட பங்கில் வழக்கமாக ₹6 அளவில்தான் இருக்கும். அதிலும் இன்று ஏறியதை நாளை இறக்கம் சாப்பிட்டுவிடும்.

அசையாத பங்கு, நாணயச் சுண்டல் ஆகிறது

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். இந்தப் பங்குக்கு எந்த உந்துதலும் இல்லை, பூவா தலையா போட்டதுபோல் மேலும் கீழும் போகிறது என்றால், 540-ஐத் தொட என்ன வாய்ப்பு? எவ்வளவு நாள் ஆகும்?

₹10-ஐ ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் நான்கு அடி மேலே. ஸ்டாப்லாஸ் இரண்டு அடி கீழே. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை நாணயத்தைச் சுண்டுகிறோம். பள்ளிக்கூட நிகழ்தகவுக் கணக்குப்படி, கீழே இருக்கும் ஸ்டாப்லாஸுக்கு முன்பு மேலே இருக்கும் டார்கெட்டைத் தொடும் வாய்ப்பு 6-ல் 2, அதாவது மூன்றில் ஒன்று. ஸ்டாப்லாஸைத் தொடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு.

டார்கெட் தொட்டால் ₹10,000 லாபம், ஸ்டாப்லாஸ் தொட்டால் ₹5,000 நஷ்டம். மூன்று முறை இதே ட்ரேடைச் செய்தால் ஒரு முறை 10,000 வரும், இரண்டு முறை 5,000 போகும். நிகரம் பூஜ்யம். ஒன்றுக்கு இரண்டு என்ற கவர்ச்சியான லாப-நஷ்ட விகிதம், உந்துதல் இல்லாத பங்கில் எதையும் தருவதில்லை.

காலக்கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. இரண்டில் ஒரு கோட்டைத் தொட சராசரியாக 2 × 4 = 8 சுண்டல்கள் தேவை. முடிவு விலை நாளுக்கு ₹6 அளவில் மட்டுமே நகரும் பங்கு, ஏறி இறங்கி ₹10 தூரத்தைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை நாள் எடுக்கும். ஆக மொத்தம் சுமார் 20 வர்த்தக நாட்கள். காலண்டரில் நான்கு வாரம்.

டைம் ஸ்டாப்பின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. 495-ஐ உடைத்த பங்கை அந்த ட்ரேடர் வாங்கியது, அது நாணயச் சுண்டலைவிட வேகமாக ஏறும் என்று நம்பித்தான். பிரேக்அவுட்டில் வாங்குவதற்கு வேறு காரணமே கிடையாது. சில நாட்கள் போயும் அது சுண்டிவிட்ட நாணயம்போலவே நடந்தால், வாங்கிய காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. மீதி இருப்பது, சராசரியில் பூஜ்யம் தரக்கூடிய, ஒரு மாதம் இழுக்கக்கூடிய ஒரு பந்தயம். அதற்குள் மொத்தப் பணத்தில் கால் பங்கு மாட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாள் கொடுக்கலாம்?

வெறும் நாள் எண்ணிக்கை மட்டும் போதாது. "5 நாள் ஆச்சு, வித்துடு" என்றால், நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் பங்கையும் விற்க வேண்டியிருக்கும். அதனால் விதியில் இரண்டு பகுதி தேவை: ஒரு நாள், அந்த நாளில் பங்கு எட்டியிருக்க வேண்டிய ஒரு விலை.

மேலே சொன்ன ட்ரேடர் இப்படி எழுதிக்கொள்கிறார்: "வாங்கிய நாளையும் சேர்த்து 5-ஆம் வர்த்தக நாள் முடியும்போது விலை 510-க்குக் கீழே இருந்தால், அன்றே வெளியே." 510 என்பது அவர் எடுத்த ரிஸ்க்கில் பாதி அளவு லாபம். டார்கெட் தூரத்தில் கால் பங்கு.

இந்த 510 ஏன்? உந்துதல் எதுவும் இல்லாத, சுண்டிவிட்ட நாணயம் போன்ற பங்கு, ஐந்து நாள் முடிவில் 510 அல்லது அதற்கு மேல் இருக்க சுமார் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே 510-ஐத் தாண்டிய பங்கு அதிர்ஷ்டத்தாலும் தாண்டியிருக்கலாம். ஆனால் அப்படி நடப்பது குறைவு. அதைவிட எளிதான இலக்கு, உதாரணமாக 501, வைத்தால் விதி எதையும் வடிகட்டாது. சுண்டிவிட்ட நாணயம்கூடக் கிட்டத்தட்ட பாதி தடவை அதைத் தாண்டிவிடும். 525 என்று வைத்தால் நல்ல ட்ரேடுகளும் வெளியே போய்விடும்.

எல்லாப் பங்குக்கும் 5 நாள் சரியா என்றால், ஸ்டாப்லாஸை எப்படி வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்டாப்லாஸ், டார்கெட் இரண்டையும் ஏடிஆரின் மடங்காக வைப்பவருக்கு (இந்த உதாரணத்தில் 2 மடங்கு, 4 மடங்கு) ஒரே நாள் எண்ணிக்கை பெரும்பாலும் பொருந்தும். வேகமான பங்குக்குத் தூரமும் அதிகம் என்பதால் கணக்கு சமமாகிவிடுகிறது. ஆனால் எல்லாப் பங்குக்கும் 4 சதவீத ஸ்டாப்லாஸ், 8 சதவீத டார்கெட் என்று வைப்பவருக்குப் பொருந்தாது. பாதி வேகத்தில் நகரும் பங்குக்கு இரண்டு மடங்கு நாள் போதும் என்று தோன்றும். உண்மையில் தேவைப்படுவது நான்கு மடங்கு. ஏறியதை இறக்கம் சாப்பிடும் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு ஐ.டி. மிட்கேப் பங்குக்கு வைத்த 5 நாள் கெடுவை, ஆமை வேகத்தில் நகரும் எஃப்எம்சிஜி பங்குக்கும் வைத்தால், அது ஓடத் தொடங்குவதற்கு முன்பே விற்றுவிட வேண்டியிருக்கும்.

அந்த வாரம் நடந்தது

திங்கள் முடிவு விலை 506. செவ்வாய் காலை 508 வரை போய், 503-ல் முடிகிறது. புதன் 498. வியாழன் 501. வால்யூம் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளி மாலை 3.15-க்கு விலை 499. விதிப்படி 510-க்குக் கீழே. விற்றுவிடுகிறார்.

பங்குக்கு ₹1 வீதம் ₹250 நஷ்டம். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீத எஸ்டிடி. இரண்டும் சேர்த்து சுமார் ₹250. முத்திரைக் கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், டிபி கட்டணம் எல்லாம் சேர்த்தால் செலவு ₹300 அளவில் வரும். மொத்த இழப்பு சுமார் ₹550. அவர் எடுக்கத் தயாராக இருந்த ₹5,000 ரிஸ்க்கில் இது ஒன்பதில் ஒரு பங்கு.

விற்காமல் வைத்திருந்தால்? விலை அளவில் சராசரி எதிர்பார்ப்பு பூஜ்யம் என்று பார்த்தோம். அதனுடன் வேறு இரண்டு செலவுகள் சேரும்.

முதலாவது, வட்டி. புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் எம்டிஎஃப் வசதியைப் பயன்படுத்தியிருந்தால் இது நேரடியாகத் தெரியும். ₹1.25 லட்சத்தில் ₹75,000 கடன், ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு சுமார் ₹31. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லா நாளுக்கும் வட்டி ஓடும். நான்கு வாரத்தில் ₹860 போய்விடும். பங்கு ஒரு பைசா இறங்காமலேயே நடக்கும் நஷ்டம் இது.

இரண்டாவது செலவு, காத்திருக்கும்போது குறுக்கே வரும் செய்தி. நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும்; ஆண்டு முடிவுகளுக்கு 60 நாட்கள். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய ட்ரேடை ஒரு மாதம் இழுத்தால், காலாண்டு முடிவு நாள் நடுவில் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். முடிவு மோசமாக இருந்து, முந்தைய நாள் 498-ல் முடிந்த பங்கு மறுநாள் காலை நேரடியாக 455-ல் திறந்தால், 480-ல் வைத்த ஸ்டாப்லாஸ் 455 அளவில்தான் நிறைவேறும். ₹5,000 என்று நினைத்த நஷ்டம் ₹11,250 ஆகிவிடும். சார்ட்டைப் பார்த்து வாங்கியவர், தனக்கே தெரியாமல் காலாண்டு முடிவின் மீது பந்தயம் கட்டியவர் ஆகிவிடுகிறார்.

'வித்த மறுநாளே ஏறிடுச்சு'

டைம் ஸ்டாப்புக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் இதுதான். அதில் உண்மையும் இருக்கிறது. பங்குகள் பெரிய ஏற்றத்துக்கு முன்பு சில வாரம் ஒரே இடத்தில் கிடப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை 499-ல் விற்ற பங்கு, அடுத்த புதன்கிழமை வால்யூமோடு 508-ஐத் தாண்டலாம்.

அப்படி நடந்தால் திரும்ப வாங்கலாம். வெளியேறும் நாளிலேயே, செவ்வாய்க்கிழமை உச்சமான 508-ல் ஓர் அலர்ட் வைத்துவிட்டால் போதும். ஆனால் அது இலவசம் இல்லை. 499-ல் விற்று 508-ல் திரும்ப வாங்கினால் பங்குக்கு ₹9 வீதம் ₹2,250 கூடுதல் விலை, அதோடு இன்னொரு முறை கட்டணங்கள். எடுத்த ரிஸ்க்கில் ஏறக்குறைய பாதி. டைம் ஸ்டாப்பின் உண்மையான விலை இதுதான். இதை மறைத்துவிட்டு இந்த முறையைப் பரிந்துரைப்பது நியாயமாக இருக்காது.

திரும்ப வாங்குவது பழைய ட்ரேடின் தொடர்ச்சி அல்ல என்பதும் முக்கியம். 508-ல் வாங்கினால் புதிய ஸ்டாப்லாஸ், புதிய டார்கெட், புதிய 5 நாள் கெடு. "போன தடவை விட்டதைப் பிடிக்கணும்" என்று பங்கு எண்ணிக்கையைக் கூட்டுவது வேறு விளையாட்டு.

அந்த ₹2,250 விலை கொடுக்கத் தகுந்ததா என்பதை ட்ரேடரின் சொந்தப் பதிவேடுதான் சொல்ல முடியும். செய்ய வேண்டியது சிரமமான வேலை அல்ல. பழைய பிரேக்அவுட் ட்ரேடுகளில் ஒரு 40-ஐ எடுத்து, ஒவ்வொன்றும் 5-ஆம் நாள் முடிவில் எங்கே இருந்தது, கடைசியில் என்ன ஆனது என்று ஓர் எக்செல் தாளில் எழுத வேண்டும்.

அந்தத் தாள் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40-ல் 10 ட்ரேடுகள் ஐந்து நாளுக்குள்ளேயே ஸ்டாப்லாஸில் முடிந்துவிட்டன. 16 ட்ரேடுகள் ஐந்தாம் நாளில் குறித்த விலையைத் தாண்டியிருந்தன. அதில் 11 டார்கெட்டைத் தொட்டன, 5 திரும்பி ஸ்டாப்லாஸுக்கு வந்தன. மீதி 14 ட்ரேடுகள் நடுவில் கிடந்தன. அதில் 4 டார்கெட், 8 ஸ்டாப்லாஸ், 2 எதையும் தொடாமல் வாங்கிய விலையிலேயே விற்கப்பட்டன.

ரூபாயில் பார்த்தால், நகர்ந்த 16 ட்ரேடுகள் ₹85,000 லாபம் தந்தன. உடனே விழுந்த 10 ட்ரேடுகள் ₹50,000 நஷ்டம். நடுவில் கிடந்த 14-ல் லாபம் ₹40,000, நஷ்டம் ₹40,000, நிகரம் பூஜ்யம். சம்பாத்தியம் முழுக்க முதல் வகையிலிருந்து வந்திருக்கிறது. கிடந்த ட்ரேடுகள் மாதக்கணக்கில் பணத்தைக் கட்டிவைத்து எதையும் தரவில்லை. இந்த ட்ரேடருக்கு டைம் ஸ்டாப் நேரடியாகப் பெரிய லாபம் தராது. 14 ட்ரேடுகளையும் 5-ஆம் நாளில் வாங்கிய விலைக்கு அருகே முடித்திருந்தாலும் நிகரம் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ₹1.25 லட்சம் பல வாரம் முன்பே விடுபட்டிருக்கும். ஒரே நேரத்தில் நான்கு பங்குகள் மட்டுமே வாங்க முடிந்தவருக்கு, அதில் இரண்டு தூங்கிக்கொண்டிருந்தால், புதிய பிரேக்அவுட் வரும்போது கையில் பணம் இருக்காது.

பதிவேடு இதற்கு நேர்மாறாகவும் சொல்லலாம். கிடந்த ட்ரேடுகளில் பாதி டார்கெட்டைத் தொட்டிருந்தால், 5 நாள் கெடு அவசரமானது. 8 அல்லது 10 நாள் வைத்து அதே தாளில் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். 40 ட்ரேடு என்பது சிறிய எண்ணிக்கை என்பதால், ஓரிரு ட்ரேடு மாறினாலும் முடிவு மாறும். 5 நாளா 6 நாளா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் இல்லை. ஒரு வாரமா, இரண்டு வாரமா என்ற அளவில் தெரிந்தால் போதும்.

ஆப்ஷன் வாங்குபவருக்குக் கெடு இன்னும் குறைவு

பங்கு வைத்திருப்பவருக்குக் காலத்தின் விலை மறைமுகமானது. ஆப்ஷன் வாங்குபவருக்கு அது தினமும் திரையில் தெரியும்.

நிஃப்டி 25,000-ல் இருக்கிறது, காலாவதிக்கு 7 நாள் இருக்கிறது, இம்ப்ளைட் வோலட்டிலிட்டி 12 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனின் விலை கணக்குப்படி சுமார் ₹166. நிஃப்டி அதே 25,000-ல் நின்று, வேறு எதுவும் மாறாமல் இருந்தால், 4 நாள் மிச்சம் இருக்கும்போது அது ₹125 ஆகும். 2 நாள் மிச்சம் இருக்கும்போது ₹89. இன்டெக்ஸ் ஒரு புள்ளிகூட நகரவில்லை. போட்ட பணத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஸ்டாப்லாஸை இன்டெக்ஸ் சார்ட்டில் மட்டும் வைப்பது. "நிஃப்டி 24,850-க்குக் கீழ போனா வெளிய வந்துடலாம்" என்பவருக்கு, நிஃப்டி 25,000-லேயே நிற்கும் வரை ஸ்டாப்லாஸ் அடிக்காது. பிரீமியம் மட்டும் கரைந்துகொண்டே இருக்கும். நிஃப்டி வாராந்திர ஆப்ஷன்கள் இப்போது செவ்வாய்க்கிழமை காலாவதி ஆகின்றன. புதன்கிழமை வாங்கிய ஆப்ஷன் வெள்ளி மாலை வரை நகரவில்லை என்றால், சனி, ஞாயிறு கடந்து திங்கள் காலை அது எந்த விலையில் திறக்கும் என்பதை நினைத்துப் பார்த்தாலே, வெள்ளி மாலை ஏன் நல்ல கெடு என்பது புரியும்.

செயலி நினைவூட்டாது

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஜிடிடி ஆர்டரில் ஸ்டாப்லாஸ், டார்கெட் இரண்டையும் போட்டுவைக்கலாம். ஆனால் அது காத்திருப்பது விலைக்காக, நாளுக்காக அல்ல. ஆர்டர் போடும்போது கேட்கும் 'வேலிடிட்டி' வேறு விஷயம். அந்த ஆர்டர் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. வாங்கிய பங்கை எப்போது விற்க வேண்டும் என்பதை அல்ல.

ஆகவே வாங்கிய உடனேயே போனின் காலண்டரில் போட்டுவிடுவதுதான் எளிய வழி. "வெள்ளி 3.15, 510-க்குக் கீழ் என்றால் விற்க" என்று பங்கின் பெயரோடு ஒரு வரி. வாங்கிய விலை கண் முன்னால் சிவப்பும் பச்சையுமாக மாறத் தொடங்குவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும். ஐந்தாம் நாள் யோசித்து வைக்கும் கெடு, பெரும்பாலும் ஆறாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் தள்ளிப்போகும். நாட்களை எண்ணும்போது விடுமுறைகளை விட்டுவிட்டு வர்த்தக நாட்களை மட்டும் எண்ண வேண்டும்.

கையால் விற்ற பிறகு, பழைய ஜிடிடி ஆர்டரை ரத்து செய்வதையும் மறக்கக் கூடாது. அதே பங்கை 508-ல் திரும்ப வாங்கினால், 480-க்கும் 540-க்கும் போட்ட பழைய ஆர்டர் புதிய பங்குகளை விற்றுவிடும். பியூச்சர்ஸிலோ ஆப்ஷனிலோ இப்படி மிச்சமாகிப்போன விற்பனை ஆர்டர், கேட்காத புதிய ஷார்ட் பொசிஷனையே உருவாக்கிவிடலாம்.

யாருக்கு இது வேண்டாம்?

டைம் ஸ்டாப் வேகத்தை நம்பி வாங்கும் ட்ரேடுக்கு உரியது. நிறுவனத்தின் லாபம் மூன்று ஆண்டில் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டு வாங்கியவருக்கு ஐந்து நாள் என்பது ஒன்றுமே இல்லை. அவரது கெடு அடுத்தடுத்த காலாண்டு முடிவுகள்தான். அதேபோல் இது ஸ்டாப்லாஸுக்கு மாற்றும் அல்ல. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே" என்று 480-க்குக் கீழே போன பங்கை வைத்திருப்பவர், ஒரு விதியைக் காட்டி இன்னொரு விதியை உடைக்கிறார். மூன்று கோடுகளில் எது முதலில் வருகிறதோ, அதுதான் முடிவு.

லாபக் கோடும் நஷ்டக் கோடும் ட்ரேடரின் கணிப்பு சரியா தவறா என்று சொல்லிவிடும். பங்கு நடுவில் கிடந்தால் அந்தப் பதில் தானாக வராது. சுமார் ₹550 இழப்போடு வெளியே வந்தவர் ஒரு கணிப்பு பலிக்கவில்லை என்று எழுதிவிட்டு, திங்கட்கிழமை அடுத்த பங்கைப் பார்க்கப் போகலாம். "லாங் டெர்முக்கு வச்சிருக்கேன்" என்பவர், அதே பங்கின் விலையை அடுத்த மாதமும் பார்த்துக்கொண்டிருப்பார்.